அயல்நாட்டுச் சட்டம் நம் நியாயஸ்தலத்தில்: நிரூபணமும் நிரூபணமின்மையும்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், முதற்பார்வைக்குச் சென்னை உயர்நீதிமன்றத்துப் பெரிய வழக்குகளுக்கும் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கும் மட்டுமே உரியது போலத் தோன்றினாலும், வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்களும், இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவும் சொத்தும் உள்ள குடும்பங்களும், அயல்நாட்டாரோடு ஒப்பந்தம் செய்து பொருள் அனுப்பும் சிறு தொழிற்கூடங்களும் நிறைந்த இந்தக் குத்தம்பாக்கம், பூந்தமல்லிப் பகுதியில் என்றாவது ஒருநாள் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தே தீரும். ஒரு வழக்கின் தீர்ப்பு வேறொரு நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்திருக்கும்போது, அந்தச் சட்டத்தின் உள்ளடக்கத்தை நம் நீதிபதி எவ்வாறு அறிகிறார், அறிய முடியாமற் போனால் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

நம் நாட்டில் இதற்கு அடிப்படையான விதி எளியது. இந்தியாவில் அமலிலுள்ள சட்டங்கள் அனைத்தையும் நீதிபதி தாமே அறிந்தவராகக் கருதப்படுகிறார்; அவற்றை எவரும் சாட்சியம் வைத்து மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அயல்நாட்டுச் சட்டத்தை அவர் அறிந்தவராகக் கருதப்படுவதில்லை. ஆகவே அது, ஒரு கடிதம் எழுதப்பட்டதா, ஒரு தொகை கைமாறியதா என்பன போன்ற ஒரு சங்கதியாகவே, கட்சிக்காரரால் பிராதில் சொல்லப்பட்டு, மறுக்கப்பட்டால் சாட்சியத்தால் ஸ்தாபிக்கப்பட வேண்டியதாகிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 57ஆம் பிரிவும், அயல்நாட்டுச் சட்டத்தைப் பற்றி நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கும் 45ஆம் பிரிவும், அரசாங்க அதிகாரத்தின் கீழ் அச்சிடப்பட்ட சட்டநூல்களையும் தீர்ப்புத் தொகுதிகளையும் ஏற்கும் 38ஆம் பிரிவும் இந்த ஏற்பாட்டின் தூண்களாக நின்றன. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமத்தில் இவையே 52, 39, 32 என்ற எண்களோடு நிற்கின்றன. முக்கியமான வேற்றுமை ஒன்று, அச்சிட்ட புத்தகத்தோடு மின்னணு வடிவில் வெளியான சட்டநூலும் இப்போது ஏற்கத்தக்கதாயிற்று என்பது. ஒரு நாட்டின் அரசாங்கம் தன் சட்டங்களை இணையத்தில் வெளியிட்டிருந்தால், அந்நாட்டுத் தலைநகரிலிருந்து கனத்த தொகுதியொன்றைக் கப்பலில் வரவழைக்க வேண்டிய காலம் போயிற்று.

அயல்நாடு என்றால் கடல் கடந்த நாடு என்று நினைத்துவிடக் கூடாது. புதுக்கோட்டை 1948இல் இந்தியாவோடு இணையும் வரையில் சென்னை நியாயஸ்தலங்களுக்கு அது ஓர் அயல் சமஸ்தானமாகவே இருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்றடையக்கூடிய ஊரின் சட்டமும் அக்காலத்தில் அயற்சட்டமே. அதைவிட வியப்பானது, இந்து தர்மசாஸ்திரமே ஒரு காலத்தில் ஆங்கிலேய நீதிபதிகளுக்கு அறியாத சட்டமாக இருந்து, நீதிமன்றங்களோடு இணைந்த பண்டிதர்களிடம் கேள்வி எழுதியனுப்பி அவர்கள் தரும் வியவஸ்தையைப் பெற்றே தீர்ப்பெழுதப்பட்டது. அந்தப் பதவிகள் 1864இல் ஒழிக்கப்பட்ட பின்பு, அந்தச் சட்டத்தையும் நீதிபதி தாமே அறிந்தவராகக் கருதும் நிலை உறுதிப்பட்டது. புதுச்சேரியிலோ பிரெஞ்சு அரசாங்கம் 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றையே அமைத்து, உள்ளூர் மாமூலைப் பற்றிய ஐயங்களை அதனிடம் கேட்டறியும் வழக்கத்தை மேற்கொண்டது. ஒரு சட்டம் நீதிபதிக்குத் தெரிந்ததாகக் கொள்ளப்படுவதும் தெரியாததாகக் கொள்ளப்படுவதும் அந்தச் சட்டத்தின் இயல்பிலுள்ள குணமன்று என்பதையும், அரசாங்கம் எங்கே கோடு கிழிக்கிறதோ அதைப் பொறுத்தது என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது.

இந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவர் முதலில் தவறுமிடம் சாட்சிக்கூண்டு அன்று. பிராது எழுதும் மேசை. 1999ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அமேதித் தொகுதியில் திருமதி சோனியா காந்தி பெற்ற வெற்றியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட தேர்தல் மனுக்களில், அவர் இந்தியக் குடியுரிமை பெற்ற பின்பும் இத்தாலியச் சட்டப்படி இத்தாலியக் குடிமகளாகவே தொடர்கிறார் என்ற வகையில் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஹரிசங்கர் ஜெயின் வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் அவ்வழக்கில் 2001இல் உச்சநீதிமன்றம், நீதிபதி லஹோத்தியின் தீர்ப்பின் வாயிலாக, சட்டத்தைப் பிராதில் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்னும் பழைய விதி, நீதிமன்றம் தானே அறிந்துகொள்ளக் கடமைப்பட்ட சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்றும், அயல்நாட்டுச் சட்டத்தை நம்பி வருபவர் மற்றச் சங்கதிகளைப் போலவே அதையும் பிராதில் விளக்கியாக வேண்டும் என்றும் கூறியது. இன்ன சட்டம், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதன் விளைவு இன்னது என்று சொல்லாமல், இத்தாலியச் சட்டப்படி இப்படித்தான் என்று பொதுப்படச் சொன்னது போதாது என்றாயிற்று. அவ்வழக்கின் அரசியல் நமக்கு வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்சிக்காரர்கள் தம் நிபுணரை அழைக்கும் கட்டத்தைக்கூட எட்டவில்லை என்பதைத்தான்.

இனி, அயல்நாட்டுச் சட்டம் ஒழுங்காக எடுத்துரைக்கப்பட்டு ஆராயப்பட்ட ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அதில் அயல்நாட்டுச் சட்டமாக வந்து நின்றது நம்முடைய சட்டம்; விசாரித்தது கொழும்பு நீதிமன்றம்; கட்சிக்காரர் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பத்தினர். அருணாசலம் செட்டியார் என்பவரும் அவர் மகனும் மிதாக்ஷரச் சட்டத்துக்குட்பட்ட கூட்டுக் குடும்பமாக இருந்து, இலங்கையில் தனவணிகம் நடத்திவந்தார்கள். 1934இல் மகன் இறந்தார்; 1938இல் தந்தையும் இறந்தார். இறந்தவரின் சொத்தின்மீது இலங்கை அரசாங்கம் மரண வரி கேட்டது. அந்நாட்டு மரண வரிச் சட்டத்தில், பிரிவுபடாத இந்துக் குடும்பத்தின் உறுப்பினர் ஒருவர் இறந்தால் அக்குடும்பத்தின் கூட்டுச்சொத்து என்று நிரூபிக்கப்படும் சொத்துக்கு வரியில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: மகன் இறந்த பின்பு, ஆண் வாரிசுப் பங்காளி என்று தாம் ஒருவரே எஞ்சி நின்ற தந்தையின் கையில் அந்தச் சொத்து கூட்டுச்சொத்தாகவே இருந்ததா, அல்லது அவருடைய தனிச்சொத்தாக மாறிவிட்டதா?

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமையும், பொதுவில் அத்தீவுக்கு ரோமன்-டச்சுச் சட்டமும் உண்டு. மிதாக்ஷரக் கூட்டுக் குடும்பம் அந்நாட்டு நீதிபதிக்கு அயல்நாட்டு ஏற்பாடு. வரித்துறை சொன்னதிலும் நியாயமிருந்தது: எஞ்சிய ஒரே பங்காளி அச்சொத்தை எவரையும் கேளாமல் விற்கலாம், அப்படி விற்கக்கூடிய சொத்தைத் தனிச்சொத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? குடும்பத்தாரோ, வீட்டில் விதவைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அச்சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை உண்டு, ஒரு விதவை சுவீகாரம் எடுத்தால் அந்தப் பிள்ளை பங்காளியாகிவிடுவான், ஆகவே சொத்தின் குணம் மாறவில்லை என்றார்கள். இரு தரப்பாரும் ஒரே நூல்களையும் ஒரே சென்னைத் தீர்ப்புகளையும் காட்டிக்கொண்டு எதிரெதிரான முடிவுகளுக்கு வந்ததுதான் அயல்நாட்டுச் சட்டத்தை நிரூபிப்பதிலுள்ள சங்கடம் எது என்பதை உணர்த்துகிறது. சட்டத்தின் வாசகம் கிடைத்துவிட்டது. அந்த வாசகத்தை அந்நாட்டு நீதிபதி எப்படிப் படிப்பார் என்பதே கிடைக்க வேண்டியது. இலங்கை உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிரேஷியன், பங்காளிகள் தற்காலிகமாக ஒருவராகக் குறைந்ததனால் மட்டும் கூட்டுச்சொத்து தனிச்சொத்தாகிவிடும் என்று கொள்வது கூட்டுக் குடும்ப முறையையே கேலிக்குரியதாக்கிவிடும் என்ற கருத்தில் குடும்பத்தாருக்குச் சாதகமாகத் தீர்த்தார். மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சிலும் 1957இல், வைகவுண்ட் சைமண்ட்ஸின் தீர்ப்பில், அந்த முடிவையே உறுதிசெய்து, விற்கும் அதிகாரத்தைவிட ஜீவனாம்ச உரிமையும் சுவீகாரத்தால் சொத்தின் தன்மை மீண்டும் மாறும் சாத்தியமும் முக்கியமானவை என்று கண்டது.

இதற்குப் பின் நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியமளிக்கிறது. கொழும்பு நீதிமன்றத்தின் கண்ணோட்டத்தில் ஒரு சங்கதியாக, ஒரு வரி வழக்கில் மட்டும் கண்டறியப்பட வேண்டியதாக இருந்த இந்து சட்டத்தின் நிலையை, நம் உச்சநீதிமன்றமே 1966இல் கௌளி புத்தண்ணா வழக்கில் இந்தியச் சட்டத்தை விளக்கும் சான்றாக எடுத்துக்கொண்டது. அயல்நாட்டுச் சட்டத்தைக் கண்டறிந்த தீர்ப்பு பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தாது என்பது பொது விதி. ஆனாலும் அது நன்றாகக் கண்டறியப்பட்டிருந்தால், அந்தச் சட்டத்துக்குச் சொந்தமான நாட்டாரே அதை மதித்து ஏற்பார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. மேலும், இங்கிலாந்தில் 1967இல் தீர்ந்த பர்காஷோ வழக்கில், 1955ஆம் ஆண்டின் நம் இந்து திருமணச் சட்டம் பழைய சீக்கியத் திருமணம் ஒன்றை ஒருதாரத் திருமணமாக மாற்றிவிட்டதா என்று ஆராய்ந்த மேல்நீதிமன்றம், அயல்நாட்டுச் சட்டம் சங்கதிதான் என்றாலும் அது ஒரு தனிவகைச் சங்கதி என்றும், கீழ்நீதிமன்றம் நிபுணரை நம்பியது என்பதற்காகத் தாம் அதை மறுபரிசீலனை செய்யாமலிருக்க வேண்டியதில்லை என்றும் கருதியது. சாட்சியின் முகத்தைப் பார்த்து உண்மையை உணர்வது வேறு. ஒரு சட்டப்பிரிவைப் படித்துப் பொருள் காண்பது வேறு. பின்னதை மேல்நீதிமன்றமும் செய்யலாம்.

நிபுணர் யார் என்பதிலும் நம் சட்டம் பெரிதும் பிடிவாதம் காட்டுவதில்லை. அந்நாட்டில் தொழில் நடத்திய வழக்கறிஞரே சிறந்தவர். ஆனாலும் 1954இல் நைஜீரியாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த அஜாமி வழக்கில், பிரெஞ்சு மேற்காப்பிரிக்க நாணயச் சட்டத்தைப் பற்றி, அந்த நாணயத்தைக் கையாளும் கடமையுடைய ஒரு வங்கி அதிகாரியின் சாட்சியமே ஏற்கப்பட்டது. நிபுணரின் வாக்குமூலத்தில் வழக்கமாகக் காணப்படும் குறை தகுதியைப் பற்றியதன்று. சட்டம் இன்னது என்று சொல்வதோடு நில்லாமல், ஆகவே வாதி வெல்ல வேண்டும் என்று முடிவையும் தாமே எழுதிவிடுவது ஒரு குறை. தாம் சொல்லும் முடிவுக்கு ஆதாரமான சட்டப்பிரிவையோ தீர்ப்பையோ இணைக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குறை. ஆதாரம் இணைக்கப்படாத அபிப்பிராயத்தைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரைமணி நேரத்தில் கலைத்துவிடுவார். ஆதாரம் இணைக்கப்பட்டிருந்தால், நிபுணர் தடுமாறினாலும் நீதிபதி அந்த ஆதாரத்தைத் தாமே படித்துத் தெளியலாம்.

இனி நிரூபணம் தவறினால் என்ன என்பதற்கு வருவோம். இதற்கு உலகத்தில் ஒரே விடை இல்லை. கடுமையான விடையைச் சொன்ன வழக்கு, அராபியப் பாலைவனத்துச் சாலையில் பிறந்தது. அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வால்டன் என்பவர், சவூதி அரேபியாவில் தற்காலிகமாகத் தங்கியிருந்தபோது, அராபிய-அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் லாரி அவருடைய காரில் மோதி அவர் காயமடைந்தார். நியூயார்க்கில் அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தபோது, விபத்து நடந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்றிருந்தும், வாய்ப்பு இருந்தும், சவூதிச் சட்டம் என்ன என்பதை அவர் தரப்பு எடுத்து வைக்கவில்லை. 1956இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கவனக்குறைவுக்கு நஷ்டஈடு என்பது எல்லா நாட்டிலும் உள்ள அடிப்படைக் கோட்பாடு என்று எடுத்துக்கொள்ளத் தன்னால் இயலாது என்று கூறி, அவர் வெறுங்கையோடு திரும்பியதைச் சரியென்று உறுதிசெய்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நியூஜெர்சி உச்சநீதிமன்றம் லியரி என்பவரின் வழக்கில், பிரான்ஸில் கொடுத்த கடனைப் பற்றிய பிரெஞ்சுச் சட்டம் நிரூபிக்கப்படாத நிலையிலும், இரு தரப்பாரும் அயல்நாட்டுச் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாததால் உள்ளூர்ச் சட்டத்துக்கு உடன்பட்டவர்களாகவே கருதப்படலாம் என்று கூறி, கடனைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தது. ஒரே தேசத்திலேயே இரண்டு நீதிமன்றங்கள் இப்படி எதிரெதிர்த் திசையில் சென்றன. 1966இல் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்கள் இதைச் சங்கதி என்று கருதுவதையே விட்டுவிட்டு, நீதிபதி எந்த மூலத்தையும் பார்த்து அறிந்துகொள்ளத்தக்க சட்டக் கேள்வியாக மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

ஐரோப்பியப் பெருநிலத்தில் நீதிபதிக்கே இந்தப் பொறுப்பு. சுவிட்சர்லாந்தில் நீதிமன்றம் தானே தேடி அறிய வேண்டும், கட்சிக்காரரின் உதவியையும் கேட்கலாம். கிடைக்காவிட்டால் சுவிஸ் சட்டம் பொருந்தும். இத்தாலியில் உள்ளூர்ச் சட்டத்துக்குத் தாவுவதற்கு முன்பு, அந்த வழக்கோடு தொடர்புடைய வேறு நாட்டுச் சட்டம் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் நம்முடைய வழக்கு விசாரணை முறை வேறு என்பதால், அவற்றை அப்படியே எடுத்துப் பொருத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

நம்முடைய முறை ஆங்கில முறையிலிருந்து வந்தது. அதில் நிரூபிக்கப்படாத அயல்நாட்டுச் சட்டம் நம் சட்டத்தைப் போன்றதே என்று அனுமானிப்பது நெடுங்காலப் பழக்கம். இந்திய நீதிமன்றங்களும் இதை ஏற்றுள்ளன. இந்தப் பழக்கத்துக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துகிடந்ததை பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் 2021இல் பிரித்துக் காட்டியது. அந்த வழக்கின் பின்னணி துயரமானது: சர்வதேசச் சட்டத்தில் பெயர்பெற்ற பேராசிரியர் சர் இயன் பிரவுன்லி, 2010 ஜனவரியில் எகிப்தில் உல்லாசப் பயணம் சென்ற கார் விபத்துக்குள்ளாகியதில் தம் மகளோடு உயிரிழந்தார், காயமடைந்து தப்பிய அவர் மனைவி கெய்ரோ ஹோட்டல் கம்பெனியின்மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். எகிப்தியச் சட்டமே பொருந்தும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் ஒவ்வோர் அம்சத்துக்கும் நிரூபணம் இல்லை. அப்போது நீதிபதி லெகட் சொன்னதன் சாரம் இது: இரு தரப்பாரும் அயல்நாட்டுச் சட்டத்தை எழுப்பாவிட்டால் உள்ளூர்ச் சட்டம் தானாகவே பொருந்துகிறது, அதில் அனுமானமே இல்லை, ஆனால் ஒருவர் அயல்நாட்டுச் சட்டத்தை எழுப்பி, அதன் உள்ளடக்கம் முழுதும் நிரூபிக்கப்படாதபோது, அது நம் சட்டத்தைப் போன்றிருக்கும் என்று கொள்வது சாட்சியத்தைப் பற்றிய ஓர் ஊகமே, அந்த ஊகம் நியாயமாகத் தோன்றுமிடத்தில்தான் அதைச் செய்யலாம்.

நான் இந்தச் சொற்பொழிவில் சொல்ல வந்தது, இந்தப் பிரிவினைக்கு நம் சட்டத்திலேயே உறுதியான இடம் இருக்கிறது என்பதுதான். அயல்நாட்டுச் சட்டம் ஒரு சங்கதி என்றால், அதைப் பற்றிய அனுமானமும் சங்கதிகளைப் பற்றிய அனுமானத்துக்கு உரிய விதிக்கே கட்டுப்பட வேண்டும். அந்த விதி பழைய சட்டத்தில் 114ஆம் பிரிவிலும் புதியதில் 119ஆம் பிரிவிலும் இருக்கிறது: இயற்கையான நிகழ்ச்சிப் போக்கையும், மனித நடத்தையையும், பொது, தனி நடவடிக்கைகளின் முறையையும் கருதி, நடந்திருக்கக்கூடியது என்று தோன்றும் சங்கதியை நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அனுமானிக்க வேண்டும் என்றில்லை. ஆகவே, இந்த நாட்டின் சட்டம் இந்த விஷயத்தில் நம் சட்டத்தைப் போன்றிருக்கக்கூடியதா என்று நீதிபதி ஒவ்வொரு வழக்கிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் பிரிவுக்குப் பிரிவு பின்பற்றி எழுதப்பட்டது. அந்நாட்டு ஒப்பந்தம் ஒன்றில் அனுமானம் செய்வது ஊகமானாலும் பொருத்தமான ஊகம். இலங்கையின் ஒப்பந்தச் சட்டமோ ரோமன்-டச்சு வழி வந்தது. அங்கே இந்த ஊகம் பல இடங்களில் வெறும் கற்பனை. சாட்சியச் சட்டத்தைப் பார்த்தால் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றுமே ஸ்டீபன் எழுதிய நம் சட்டத்தை ஒட்டியவை. அந்தத் துறையில் மூன்றுக்குமே அனுமானம் பொருந்தும். ஒரே நாடானாலும் துறைக்குத் துறை விடை மாறும்.

இதை ஒரு கற்பனை வழக்கின் மூலம் முழுவதுமாகப் பார்ப்போம். கொழும்பில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில், தந்தை தம் சொத்து முழுவதையும் மகனுக்கே உயில் எழுதிவைத்துவிட்டு இறக்கிறார். தங்கைக்கு ஒன்றுமில்லாமற் போனது நியாயமன்று என்று உணர்ந்த அண்ணன், கொழும்பில் இருந்துகொண்டு, நன்கு யோசித்து, சாட்சிகள் முன்னிலையில், அவளுக்குப் பத்து லட்சம் ரூபாய் தருவதாக ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். பின்பு இருவரும் இந்தியாவுக்கு வந்து, அண்ணன் பூந்தமல்லியிலும் தங்கை குத்தம்பாக்கத்திலும் குடியேறுகிறார்கள். அண்ணன் பணம் தர மறுக்கிறார். மூன்று ஆண்டு காலவரம்புக்குள் தங்கை பூந்தமல்லியில் வழக்குத் தொடுக்கிறாள்.

நம் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பிரதிபலன் இல்லாத வாக்குறுதி செல்லாது என்கிறது. நெருங்கிய உறவினரிடையே அன்பினால் செய்யப்பட்டதற்கு விலக்கு உண்டு, ஆனால் அது எழுதிப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதம் பதிவாகவில்லை. ஆகவே இந்தியச் சட்டம் பொருந்தினால் தங்கை தோற்பாள். ரோமன்-டச்சுச் சட்டத்திலோ பிரதிபலன் தேவையில்லை; வாக்குறுதி தீவிர சிந்தனையோடும் நியாயமான காரணத்தோடும் செய்யப்பட்டிருந்தால் போதும். இலங்கையிலிருந்து மேல்முறையீடாக வந்த ஜெயவிக்கிரம வழக்கில் பிரிவி கவுன்சில் 1918இல், ஒரு குடும்பத்துக்குள் எழுந்த வாக்குறுதியைப் பற்றியே, இதைத் தெளிவாக்கியது. ஆகவே இலங்கைச் சட்டம் பொருந்தி, அது நிரூபிக்கப்பட்டால், தங்கை வெல்லக்கூடும்.

அவளுடைய வழக்கறிஞர் பிராதில் செய்ய வேண்டியது மூன்று பத்திகளுக்குள் அடங்கும். வாக்குறுதி கொழும்பில் செய்யப்பட்டதால் அதற்கு இலங்கைச் சட்டமே பொருந்தும் என்று ஒன்று. அந்தச் சட்டத்தில் பிரதிபலன் தேவையில்லை, நியாயமான காரணமே போதும் என்று ஒன்று. அதற்கு ஆதாரம் இன்ன தீர்ப்பு, இன்ன தொகுதி என்று ஒன்று. அண்ணன் தம் பதிலுரையில் இவற்றைக் குறிப்பாக மறுக்காவிட்டால், ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கதிகளாகக் கருதி நிரூபணமே வேண்டாமென்று நீதிபதி கொள்ளலாம். மறுத்தால், இலங்கைத் தீர்ப்புத் தொகுதியையும், இலங்கையில் பல ஆண்டுகள் தொழில் நடத்திய வழக்கறிஞர் ஒருவரின் பிரமாண வாக்குமூலத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு விரும்பினால் காணொலி வழியே விசாரிக்க நீதிமன்றத்தின் அனுமதி கோரலாம்.

இப்போது மூன்று வகைத் தவறுகளைப் பிரித்துப் பார்க்கலாம். இரு தரப்பாருமே இலங்கைச் சட்டத்தைப் பற்றிப் பேசாவிட்டால், இந்தியச் சட்டம் தானாகப் பொருந்தி, 25ஆம் பிரிவினால் வழக்கு தள்ளுபடியாகும். அங்கே தங்கையை வீழ்த்தியது அண்ணனின் வாதம் அன்று, தன் பிராதின் மௌனம். தங்கை எடுத்துச் சொல்லியும் சாட்சியம் சற்றுக் குறைவாக இருந்தால், நீதிபதி தம் முன்னுள்ள தீர்ப்புத் தொகுதியைத் தாமே படித்துக் குறையை நிரப்பிக்கொள்ளலாம். எடுத்துச் சொல்லியும் சாட்சியம் ஒன்றுமே வைக்கப்படாவிட்டால் என்ன? அண்ணனின் வழக்கறிஞர் எழுந்து, நிரூபிக்கப்படாத சட்டம் நம் சட்டத்தைப் போன்றதே என்று அனுமானித்து 25ஆம் பிரிவைப் பொருத்துங்கள் என்பார். என் அபிப்பிராயத்தில் அந்த வாதத்தை நீதிபதி ஏற்கக் கூடாது. பிரதிபலன் என்பது ஆங்கிலச் சட்டத்தின் மரபிலிருந்து நமக்கு வந்த ஒரு தனிக்கோட்பாடு, ரோமன்-டச்சு நாட்டில் அது இருக்கக்கூடியது என்று அனுமானிக்க நிகழ்ச்சிப் போக்கோ மனித நடத்தையோ இடந்தராது. ஆனால் அனுமானத்தை மறுத்துவிடுவதனால் மட்டும் தங்கை வென்றுவிட மாட்டாள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இலங்கைச் சட்டம் தனக்குச் சாதகம் என்று மெய்ப்பிக்கும் சுமை அவளுடையது. அதைச் சுமக்காவிட்டால், வால்டன் நியூயார்க்கில் திரும்பியது போலவே அவளும் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் நீதிபதியின் பங்கு வருகிறது. உண்மையை அறிவதற்காக எந்தக் கட்டத்திலும் எந்தக் கேள்வியையும் கேட்கவும், எந்த ஆவணத்தையும் கொண்டுவரச் சொல்லவும் சாட்சியச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய எண் 165, புதிய எண் 168. முதல் விசாரணையன்றே கட்சிக்காரரை வாய்மொழியாக விசாரித்து, எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்று தெளிவாக்கிக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 10ஆம் கட்டளை வழி செய்கிறது. இந்தக் கடிதம் கொழும்பில் எழுதப்பட்டதாகத் தெரிகிறதே, எந்த நாட்டுச் சட்டத்தை நம்பி வந்திருக்கிறீர்கள் என்று அன்றைக்கு நீதிபதி ஒரு கேள்வி கேட்டிருந்தால், இரு தரப்பாரும் விழித்துக்கொண்டிருப்பார்கள். அவர் கட்சிக்காரருக்காக வழக்கை நடத்துகிறார் என்று எவரும் குறை சொல்ல முடியாது. விசாரிக்க வேண்டிய பிரச்சினை எது என்று கேட்பது அவருடைய கடமையே.

வேறு நாட்டு நீதிமன்றத்தையே நேரடியாகக் கேட்டு அறியும் வழியும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் இருந்தது. 1859ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமொன்று, ஒரு பிரதேசத்து நீதிமன்றம் மற்றொரு பிரதேசத்து நீதிமன்றத்துக்குச் சங்கதிகளையும் கேள்வியையும் எழுதியனுப்பி அதன் அபிப்பிராயத்தைப் பெற வழி செய்தது. அந்த எண்ணத்தைச் சிங்கப்பூர் உச்சநீதிமன்றம் 2010இல் ஆஸ்திரேலியாவின் நியூசவுத்வேல்ஸ் உச்சநீதிமன்றத்தோடு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் மூலம் புதுப்பித்திருக்கிறது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே, சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அத்தகைய ஏற்பாடு ஒன்று அமைய வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். இருபுறமும் ஒரே குடும்பத்தார் வாழும் நாடுகளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. அமையும் வரையில், பிராதுதான் கதி.

பிராதில் விடுபட்டதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். 6ஆம் கட்டளையின் 17ஆம் விதி திருத்தத்துக்கு இடந்தருகிறது. ஆனால் விசாரணை தொடங்கிய பின்பு, உரிய கவனத்தோடு இருந்தும் அதற்கு முன்பு எழுப்ப முடியவில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தாலொழியத் திருத்தம் அனுமதிக்கப்படுவதில்லை. கடிதத்தின் தலைப்பிலேயே கொழும்பு என்று எழுதியிருக்க, இலங்கைச் சட்டம் பொருந்தும் என்பது விசாரணை தொடங்கிய பின்புதான் தெரிந்தது என்று எந்த வழக்கறிஞரும் நீதிபதியை நம்பவைக்க முடியாது. ஆகையால் அந்த மூன்று பத்திகள், வழக்கு எண் இடப்படுவதற்கு முன்பு, பிராதின் முதல் வரைவிலேயே இருக்க வேண்டும்.